காலை டூட்டி அக்காவுக்கு: 7, 12, 3 பெட் பாக்கி

குட் மார்னிங் அக்கா. பஸ்ல ஏறியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், வர்ற வழியில ஒரு தடவை படிச்சிடுங்க. வார்டுல 22 பேர். நைட்டு ரெண்டு அட்மிஷன், ரெண்டு பேருமே இப்போ ஸ்டேபிள். கவனிக்க வேண்டியது மூணு பெட்.

முதல்ல 7. ஹீமோகுளோபின் 5.8-ல வந்த பாட்டி. ரெண்டாவது யூனிட் பிளட் ஓடிட்டிருக்கு. பேக் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்தது 5.20, அதனால 9.20-க்குள்ள முடிஞ்சாகணும். வயசானவங்க, மூச்சு வாங்கும்னு மெதுவாத்தான் விட்டிருக்கேன். முதல் 15 நிமிஷம் பக்கத்துலயே நின்னேன், டெம்ப்பரேச்சர், பி.பி., பல்ஸ் எல்லாம் சரி, சார்ட்ல இருக்கு. அரிக்குதா, குளிருதான்னு கேட்டா "ஒண்ணுமில்ல தாயி"ன்னுதான் சொல்வாங்க. அதை நம்பாதீங்க, போர்வையை விலக்கி கையில, நெஞ்சுல தடிப்பு இருக்கான்னு பாருங்க. 8 மணி ஆன்டிபயாட்டிக்குக்கு இடது கையில தனி வென்ஃப்ளான் போட்டிருக்கேன், பிளட் லைன்ல எதையும் கொடுக்க வேண்டாம்.

12, டெங்கு பொண்ணு. நேத்து சாயங்காலத்துல இருந்து காய்ச்சல் இல்ல. அம்மா டிஸ்சார்ஜ் எப்போன்னு கேட்டுட்டே இருக்காங்க. இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லியிருக்கேன், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பிளேட்லெட் 48,000. பி.சி.வி. நேத்து காலையில 41, ராத்திரி 44. 6 மணி சாம்பிள் போயிடுச்சு, ரிப்போர்ட் வரல. 7.30-க்கும் வரலைன்னா லேபுக்கு போன் பண்ணணும். யூரின் அளவு எழுதி வெச்சிருக்கேன். வயிறு வலி, வாந்தி, கை கால் ஜில்லுன்னு ஆனா டூட்டி டாக்டரை உடனே கூப்பிடுங்க.

3-க்கு 9 மணிக்கு வயிறு ஸ்கேன், வெறும் வயித்துல போகணும். 6 மணி சுகர் 142. காலை இன்சுலின் போடல, ஸ்கேன் முடிஞ்சு சாப்பாட்டோட போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கார். டீ வாங்கித் தரக்கூடாதுன்னு வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை சொல்லியாச்சு. ஆனா ஃபிளாஸ்க் இன்னும் அவர் கையிலதான் இருக்கு.

மத்தவங்களுக்கு காலை மருந்து முடிஞ்சது. எமர்ஜென்சி டிரே எண்ணி சரி பார்த்துட்டேன். ஸ்பேர் ஆக்ஸிஜன் சிலிண்டர் காலி, இன்டென்ட் எழுதி வெச்சிருக்கேன், இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்து மட்டும் பாக்கி. நம்ம பி.பி. கஃப் காத்து இறங்குது, பக்கத்து வார்டுல இருந்து ஒண்ணு வாங்கியிருக்கேன், 10 மணிக்குள்ள திருப்பிக் கேட்டாங்க.

உங்களுக்கு என்ன வேணும்க்கா? இன்னைக்கு உங்ககூட ஒருத்தங்கதான்னு போர்டுல பார்த்தேன். நான் 8 மணி வரைக்கும் இருப்பேன். 7 பக்கத்துல நின்னுக்கவா, இல்ல 3-க்கு ஸ்கேன் ஃபார்ம், வீல்சேர் ரெடி பண்ணவா? வேற ஏதாவது எடுத்து வைக்கணும்னாலும் சொல்லுங்க. டைப் பண்ண முடியலைன்னா வாய்ஸ் போட்டாலும் போதும். வந்ததும் 7-ல இருந்தே பெட் பெட்டா பார்த்துடலாம்.