கலப்புப் பணிமுறைக் கொள்கை: அலுவலக நாட்களும் பணி மதிப்பீடும்

எபேன் அலுவலகத்தின் கணக்குச் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை, தொழில்நுட்பம் ஆகிய நான்கு குழுக்களிலும் பணிபுரியும் 62 பேருக்கும், குழுத் தலைவர்கள் உட்பட, இக்கொள்கை பொருந்தும். 2026 மார்ச் 2, திங்கட்கிழமை முதல் இது நடைமுறைக்கு வருகிறது. மொரீஷியஸின் 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டத்துக்கும், வீட்டிலிருந்து பணிபுரிவது குறித்த 2020ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கும் இது உட்பட்டது. கொள்கையும் சட்டமும் முரண்படும் இடத்தில் சட்டம் தருவதே செல்லும்.

1. ஏன் மாற்றுகிறோம்

கடந்த ஆண்டு ஒவ்வொரு குழுத் தலைவரும் தமக்குத் தோன்றியவாறு அலுவலக நாட்களைக் குறித்துக்கொண்டார். ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் வருபவருக்கும், பிளாக்கிலிருந்தோ சூயாக்கிலிருந்தோ பேருந்து மாறி மாறி வந்து சேருபவருக்கும் ஒரே நாட்களும் ஒரே நேரமும் விதிக்கப்பட்டன. அதைவிட வருந்தத்தக்கது ஆண்டு மதிப்பீட்டில் நடந்தது. மதிப்பெண்களைப் பணிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே தரத்தில் ஒரே அளவு வேலை செய்தவர்களுள், தலைவரின் பார்வையில் அடிக்கடி பட்டவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். இது நிர்வாகத்தின் பிழை. பாதிக்கப்பட்டோரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டுவிட்டன. அப்பிழை மீண்டும் நேராமல் தடுப்பதே இக்கொள்கையின் முதன்மை நோக்கம்.

2. அலுவலக நாட்கள்

ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் வருவர். அவற்றுள் ஒன்று குழு நாள். மற்றொன்று அவரவர் தேர்ந்தெடுக்கும் விருப்ப நாள். கணக்குச் சரிபார்ப்புக் குழுவின் 22 பேருக்குச் செவ்வாயும், மொழிபெயர்ப்புக் குழுவின் 14 பேருக்கும் தொழில்நுட்பக் குழுவின் 8 பேருக்கும் புதனும், வாடிக்கையாளர் சேவைக் குழுவின் 18 பேருக்கு வியாழனும் குழு நாட்களாகும். 13 வாரங்களுக்கு ஒருமுறை இந்நாட்கள் குழுக்களிடையே சுழலும். நேரில் அமர்ந்து செய்தால்தான் நன்றாக வரும் வேலைகளை, அதாவது சிக்கலான கோப்புகளைக் கூடிப் பார்ப்பது, புதிய வாடிக்கையாளரின் பணியை ஏற்பது, பயிற்சி அளிப்பது போன்றவற்றைக் குழு நாளில்தான் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மூலையில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு காணொளிக் கூட்டத்தில் அமர்வதற்காக எவரையும் எபேன் வரை அழைக்கக் கூடாது. அப்படிப்பட்ட குழு நாள் இரண்டு முறை வீணானால், மூன்றாவதை வீட்டிலிருந்தே செய்யக் கோரும் உரிமை குழுவினருக்கு உண்டு.

நம்மிடம் 34 மேசைகளே உள்ளன. எனவே விருப்ப நாட்கள் மாதத்துக்கு ஒருமுறை, முந்தைய மாதம் 20ஆம் தேதிக்குள் பதிவு செய்யப்படும். ஒரு நாளுக்கு இடத்தைவிட அதிகமானோர் கேட்டால், முந்தைய மாதம் தாம் கேட்ட நாள் கிடைக்காதவருக்கே முன்னுரிமை. பதவியோ பணி மூப்போ இதில் கணக்கில்லை. வெள்ளிக்கிழமையை வேண்டுவோர் பலர் என்பதை அறிவோம். ஆகையால் அதை எவரும் தொடர்ந்து இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

காலை 10 முதல் மாலை 3 வரை அலுவலகத்தில் இருந்தால் அது முழு அலுவலக நாளாகக் கொள்ளப்படும். மீதி வேலையை வீட்டிலிருந்து முடிக்கலாம். தொலைவிலிருந்து வருபவர் விடியற்காலையிலேயே பேருந்து ஏறி, இருட்டிய பின் வீடு திரும்பும் நிலையைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. வீட்டில் தனி அறையோ அமைதியோ இல்லாதவர்கள், இடமிருக்கும் எல்லா நாட்களிலும் அலுவலகத்தைப் பயன்படுத்தலாம். அவ்வாறு வருவது அவர்களுக்கு உதவும் வசதி. அது மதிப்பீட்டில் கூடுதல் தகுதியாக எழுதப்படாது. புதிதாகச் சேருவோர் முதல் எட்டு வாரங்கள் தம் வழிகாட்டி வரும் நாட்களையும் சேர்த்து வாரம் மூன்று நாள் வருவர்.

3. பொது நேரம்

எல்லா வேலை நாட்களிலும் பகல் 12 முதல் 3 வரை, எங்கிருந்து பணிபுரிந்தாலும், தொடர்புக்குக் கிடைக்க வேண்டும். பிரான்சு குளிர்காலத்தில் நமக்கு மூன்று மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் பின்தங்கியிருப்பதாலும், தமிழ்நாடு ஒன்றரை மணி நேரம் முந்தியிருப்பதாலும், இரு பக்கத்து வாடிக்கையாளர்களும் விழித்து வேலை செய்யும் நேரத்தில் இந்த மூன்று மணி நேரம் விழுகிறது. மற்ற நேரத்தை அவரவர் வகுத்துக்கொள்ளலாம். பணி நேரம் முடிந்தபின் வரும் செய்திக்கு மறுநாள் பதில் அளித்தால் போதும்.

4. மதிப்பீடு

ஒவ்வொரு குழுவின் அளவுகோலும் காலாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் இருக்கும், நடுவில் மாறாது. கணக்குச் சரிபார்ப்பில், உரிய நாளில் முடிந்த கோப்புகளும், பிழையென்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவையும் எண்ணப்படும். ஒரு பக்க விலைப்பட்டியலும் பல நாட்டு வரிகள் கலந்த கோப்பும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு கோப்பும் எளிது, நடுத்தரம், கடினம் என முன்கூட்டியே வகைப்படுத்தப்பட்டு அதற்கேற்ற எடை பெறும். மொழிபெயர்ப்பில் காலத்தோடு, மறுபரிசீலகர் குறித்த பொருட்பிழைகளும் பார்க்கப்படும். நடை குறித்த கருத்து வேறுபாடு பிழையாகாது. வாடிக்கையாளர் சேவையில் அழைப்புகளின் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்க மாட்டோம். எண்ணிக்கையை மட்டும் வைத்தால், பேசி முடிக்க வேண்டிய சிக்கலை அவசரமாக மூடிவிடத் தூண்டுதல் உண்டாகும். அதே வாடிக்கையாளர் மறுநாள் மீண்டும் அழைப்பார். ஆகவே, ஏழு நாட்களுக்குள் மறுபடி எழாமல் தீர்ந்த கோரிக்கைகளையே கணக்கிடுவோம். தொழில்நுட்பக் குழு தன் அளவுகோலைத் தானே முன்மொழியும்.

புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது, மற்றவரின் கோப்பைக் கடைசி நேரத்தில் காப்பாற்றுவது போன்றவை எந்த எண்ணிலும் தெரிவதில்லை. உதவி பெற்றவர் மாத இறுதியில் அதை இரண்டு வரியில் பதிவு செய்ய வேண்டும். குழுத் தலைவர் அதை மதிப்பீட்டில் சேர்ப்பது கட்டாயம்.

விசைப்பலகைத் தட்டல்களை எண்ணும் மென்பொருள், கணினித் திரையைப் படம் பிடிப்பது, நாள் முழுதும் கேமராவைத் திறந்து வைக்கச் சொல்வது ஆகியவை தடை செய்யப்படுகின்றன. அரட்டைச் செயலியின் பச்சைப் புள்ளி எவர் உழைப்புக்கும் சான்றாகாது. நுழைவு அட்டைப் பதிவுகள் பாதுகாப்புக்கும் தீ விபத்தின்போது ஆள் கணக்குக்கும் மட்டுமே. 60 நாட்களில் அவை அழிக்கப்படும். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தம்மைப் பற்றிய பதிவை எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் அலுவலகம் வந்தோர், குறைவாக வந்தோர் ஆகிய இரு சாராரின் மதிப்பெண்களும் பணி வெளியீட்டோடு ஒப்பிடப்படும். பெயர்கள் நீக்கப்பட்ட விருப்ப நாள் பட்டியலே இதற்குப் பயன்படும். சமமான வெளியீட்டுக்குச் சமமற்ற மதிப்பெண் தென்பட்டால், அந்தக் குழுவின் எல்லா மதிப்பீடுகளும் மீண்டும் திறக்கப்படும்.

5. விலக்குகளும் செலவும்

மூன்றாம் அல்லது நான்காம் நிலைப் புயல் எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது அலுவலகம் மூடியிருக்கும். வீட்டிலிருந்தும் எவரும் பணிபுரிய வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் வாகனங்களை அடித்துச் சென்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மின்சாரமோ இணையமோ தடைபட்ட நேரம் பணிக் குறைவாகக் கொள்ளப்படாது. தடை தொடங்கியதும் ஒரு குறுஞ்செய்தி போதும்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்போர் அந்த நாட்களில் தம் அலுவலக நாட்களை வேறு வாரங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவுக்கு நடந்து செல்வோருக்கும் ரமலான் நோன்பிருப்போருக்கும் இவ்வுரிமை அப்படியே உண்டு. கர்ப்பம், நோய், வீட்டில் முதியோரையோ குழந்தையையோ கவனிப்பது ஆகியவற்றுக்கான விலக்கைக் கேட்க ஒரு பக்கக் கடிதம் போதும். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும், மறுத்தால் காரணம் எழுத்தில் இருக்கும்.

வீட்டு இணையத்துக்காக மாதம் 900 ரூபாய் ஊதியத்தோடு வழங்கப்படும். நாற்காலியும் இரண்டாம் திரையும் நிறுவனத்தின் செலவில் வீட்டுக்கு அனுப்பப்படும்.

6. முறையீடு

தம் மதிப்பீட்டை ஏற்காதவர் 15 வேலை நாட்களுக்குள் மனிதவளப் பிரிவுக்கு எழுதலாம். அவருடைய பணி மாதிரிகள், பெயரும் பணியிடமும் நீக்கப்பட்டு, அதே வேலையை அறிந்த வேறு குழுவினர் இருவரிடம் கொடுக்கப்படும். குழுத் தலைவரின் மதிப்பெண்ணை அவர்களுக்குக் காட்ட மாட்டோம். இருவரும் தனித்தனியே தரும் மதிப்பெண்களின் சராசரி தலைவருடையதைவிட அதிகமாக இருந்தால் அதுவே இறுதியானது. குறைவாக இருந்தால் பழைய மதிப்பெண்ணே நிற்கும்.

மனிதவள மேலாளர்
எபேன் அலுவலகம்