அப்பாவின் மருத்துவக் குறிப்பு: குடும்பத்தாருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

நேற்று மாலை சிகிச்சைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதயச் செயலிழப்பு என்று போட்டிருக்கிறதே டாக்டர், அப்பாவுக்கு இதயம் நின்றுவிடுமா?" என்று மூத்த மகள் கேட்டார். வார்டில் நின்றபடி இரண்டு வரியில் நான் சொன்ன பதில் உங்கள் பயத்தைப் போக்கியிருக்காது. அந்தக் குறிப்பு மருத்துவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது. அதையே உங்களுக்குப் புரியும்படி இங்கே மறுபடி எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவரிடம் மறைக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

முதலில் அந்தச் சொல். "செயலிழப்பு" என்பது இந்த நோய்க்குப் பொருத்தமான பெயர் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் வழக்கில் அதுதான் நிலைத்துவிட்டது. அப்பாவின் இதயம் நிற்கவில்லை. இந்த நிமிடமும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ளும் வலு அதற்குக் குறைந்திருக்கிறது என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

தள்ளும் வலு குறையும்போது, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் பின்னால் தேங்குகிறது. சிறுநீரகங்களும் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அந்த நீர் நுரையீரலில் கசிந்ததால்தான் அப்பாவால் மல்லாந்து படுக்க முடியாமல், இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுவிட வேண்டியிருந்தது. கால்கள் வீங்கியதும், மாலையில் செருப்பு இறுகியதும் அதே நீரால்தான்.

குறிப்பில் "இ.எஃப். 35%" என்று இருப்பதைப் பார்த்து, இதயத்தில் 35 பங்குதான் மிச்சம் என்று இளைய மகன் எண்ணிவிட்டார். அப்படியல்ல. இதயம் தன்னிடம் உள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற அளவுதான் இ.எஃப். எந்த இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. நல்ல நிலையில் உள்ள இதயமே ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதம்தான் தள்ளும். அந்தக் கணக்கில்தான் அப்பாவுடையது இப்போது 35. குறைவுதான், ஆனால் அது மாறக்கூடிய எண். மருந்துகளை ஒழுங்காக எடுப்பவர்கள் பலருக்கு அது உயர்ந்திருக்கிறது. இந்த அளவைக் காட்டும் எக்கோ பரிசோதனையை மூன்று மாதம் கழித்து மறுபடி செய்து பார்ப்போம்.

இதயத்தின் இரத்தக் குழாய்களில் பெரிய அடைப்பு இல்லை என்று ஆஞ்சியோகிராம் காட்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் வராமலிருந்த இரத்த அழுத்தம் இதயத் தசையைக் களைப்படையச் செய்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. இன்னும் முன்பே கூட்டி வந்திருக்கலாமே என்று அம்மா வருந்துகிறார். படியேறினால் மூச்சு வாங்குவதை வயதின் தளர்ச்சி என்று நினைப்பது மிக இயல்பு. அதற்காக அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஐந்து நாட்களில் நீர் மாத்திரையாலும் ஊசியாலும் நான்கு கிலோ எடை இறங்கியிருக்கிறது. அது அத்தனையும் தேங்கிய நீர். நேற்று இரவு அப்பா ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினார். வீட்டுக்குப் போனபின் தொடர வேண்டிய மற்ற மாத்திரைகள் இதயத்தின் சுமையைக் குறைப்பவை. உடம்பு தேறியதும் "இனி எதற்கு?" என்று நிறுத்திவிடுவதுதான் எனக்குள்ள பெரிய கவலை, ஏனென்றால் அவர் தேறியிருப்பதே அந்த மாத்திரைகளால்தான்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் மறுபடி வீங்கினாலோ, படுத்தால் இருமல் வந்தாலோ அன்றைக்கே எங்களை அழையுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், அழைத்துக் கேட்டுக்கொண்டிராமல் நேராக அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். உப்பைக் குறையுங்கள், ஆனால் அதற்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பு வேண்டாம், அவர் எடுக்கும் மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எங்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இது முற்றிலும் குணமாகிவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கவனித்துக்கொள்ள வேண்டிய நோய் இது. இடையில் மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியும் வரலாம். ஆயினும், நடப்பதும் பேரப்பிள்ளைகளோடு இருப்பதும் தன் வேலைகளைத் தானே செய்துகொள்வதும் அப்பாவுக்கு முடியாமற்போகும் என்று இன்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறோம். அதிலிருந்து ஒரு வாரத்தில் சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. எடை நோட்டையும் மாத்திரைகளையும் அப்போது கொண்டுவாருங்கள். இதற்குள் தோன்றும் சந்தேகங்களை, எவ்வளவு சிறியதானாலும், அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பாவைக் கவனித்துவரும் இதயநோய் மருத்துவர்