காந்தம் சுருளுக்குள் போகும்போது மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும்?

(பிளஸ் டூ இயற்பியல், மின்காந்தத் தூண்டல், வகுப்புக் குறிப்பு)

நேற்று ஆய்வகத்தில் வைத்திருந்த சுருள், கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வாங்கிய எனாமல் கம்பியில் சுற்றியது, 300 சுற்று. கம்பியின் இரண்டு முனையிலும் எனாமலைப் பிளேடால் நன்றாகச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் கால்வனாமீட்டரில் மாட்ட வேண்டும். சுரண்டாவிட்டால் மின்சுற்று முழுமையாகாது. காந்தத்தை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் முள் அசையாது.

பார்த்தது இவ்வளவு. காந்தத்தின் N முனையை உள்ளே தள்ளினால் முள் ஒரு பக்கம் சாய்கிறது. உள்ளேயே நிறுத்தினால் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. வெளியே இழுத்தால் மறுபக்கம் சாய்கிறது. காந்தம் உள்ளே இருப்பது முக்கியமில்லை. சுருளைக் கடக்கும் காந்தப்பாயம் மாறுவதுதான் முக்கியம். இதை ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். திசையைச் சொல்லும் விதியை 1834இல் லென்ஸ் கொடுத்தார்: தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் ஓடும்.

இந்த வாக்கியத்தில் ‘மாற்றத்தை’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். விடைத்தாள்களில் பலர் ‘காந்தத்தின் புலத்தை எதிர்க்கும்’ என்று எழுதுகிறீர்கள். அது தவறு. காந்தத்தை வெளியே இழுக்கும்போது சுருளின் புலம் காந்தத்தின் புலத்துக்கு எதிராக இருக்காது, அதே திசையில்தான் இருக்கும். பாயம் குறைகிறது, குறையவிடாமல் தாங்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

சரி, திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் நிற்கும் பக்கத்திலிருந்தே சுருளைப் பாருங்கள். N முனை நெருங்குகிறது. அதைத் தள்ளிவிட வேண்டுமானால் சுருளின் இந்த முகம் N ஆக வேண்டும். வலது கைப் பெருவிரல் அந்த முகத்திலிருந்து உங்களை நோக்கி நீளட்டும். மற்ற விரல்கள் மடங்கும் திசை இடஞ்சுழி. மின்னோட்டமும் அதுவே. N விலகினால் அதை இழுத்துப் பிடிக்க இந்த முகம் S ஆகும், மின்னோட்டம் வலஞ்சுழி. S முனை நெருங்கினாலும் வலஞ்சுழி, விலகினால் இடஞ்சுழி. N என்ற எழுத்தின் இரு முனைகளிலும் அம்புக்குறி போட்டால் இடஞ்சுழியாகவும், S எழுத்தில் போட்டால் வலஞ்சுழியாகவும் வரும். தேர்வு நேரத்துக்கு அது உதவும். ஆனால் விடையில் காரணத்தையும் எழுத வேண்டும், கண்ணுகளா. வெறும் அம்புக்குறி போதாது.

எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதை எழுதாமல் ‘இடஞ்சுழி’ என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. மறுபக்கம் போய்ப் பார்த்தால் அதே மின்னோட்டம் வலஞ்சுழியாகத் தெரியும்.

ஏன் எதிர்க்க வேண்டும்? ஒரு நிமிடம் மாற்றி யோசியுங்கள். N நெருங்கும்போது சுருளின் முகம் S ஆனால் காந்தத்தை உள்ளே இழுக்கும். காந்தம் வேகமாகும், மின்னோட்டம் கூடும், இழுப்பும் கூடும். யாரும் தள்ளாமலே இயக்க ஆற்றலும் மின்னாற்றலும் பெருகிக்கொண்டே போகும். அது நடக்காது. தள்ளும்போது கை செய்யும் வேலைதான் மின்னாற்றலாக மாறுகிறது. மின்சுற்று திறந்திருந்தால் மின்னியக்கு விசை உண்டு, மின்னோட்டம் இல்லை. அப்போது எதிர்ப்பும் இல்லை.

கணக்கு:

e = −N (ΔΦ/Δt)

இங்கே N என்பது காந்த முனை அல்ல, சுற்றுகளின் எண்ணிக்கை. 300 சுற்று, பாயம் 0.2 விநாடியில் 2 × 10⁻⁵ Wb கூடுகிறது. e-இன் அளவு 300 × 2 × 10⁻⁵ / 0.2 = 0.03 V. மின்சுற்றின் மொத்த மின்தடை 120 Ω என்றால் மின்னோட்டம் 0.25 mA. கழித்தல் குறி சொல்வது லென்ஸ் விதியை.

இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. N முனை முன்னே போகும்படி காந்தம் இடப்பக்கம் நுழைந்து, முழுதாக வலப்பக்கம் வெளியேறுகிறது. நுழையும்போது, இடமிருந்து பார்த்தால் இடஞ்சுழி. நடுவை எட்டும்போது பாயம் உச்சத்தில் இருக்கிறது, அந்தக் கணம் மாற்றம் பூஜ்யம், மின்னோட்டமும் பூஜ்யம். பிறகு S முனை வலப்பக்கம் விலகுகிறது. அதை இழுத்துப் பிடிக்க வலமுகம் N, இடமுகம் S. ஆகவே இடமிருந்து பார்த்தால் வலஞ்சுழி. ஒரே திசையில் போன காந்தம், முள்ளை இரண்டு பக்கமும் ஆட்டிவிடுகிறது. இந்தக் கேள்வியைப் படம் வரைந்தே எழுதுங்கள்.

தோட்டத்துக் கிணற்றில் ஓடும் மூன்று ஃபேஸ் மோட்டாரிலும் இதே விதிதான். சுழலும் காந்தப்புலம் ரோட்டரில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசத்தைக் குறைக்க ரோட்டர் புலத்தின் பின்னாலேயே சுற்றுகிறது. மண் அடைத்து ரோட்டர் நின்றுவிட்டால் வித்தியாசம் முழுதாக இருக்கும், மின்னோட்டம் பல மடங்கு ஏறும், காயில் எரியும்.