கவினை ஏன் இறக்கவில்லை

கவினின் அப்பா, அம்மா இருவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்ச் முடிந்ததும், "எங்க பையனை ஏன் சார் இறக்கவே இல்லை?" என்று கேட்டீர்கள். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றிருந்ததால் அங்கே பதில் சொல்ல மனம் வரவில்லை. நியாயமான கேள்விதான். கடைசி மூன்று மேட்சில் அவன் ஆடியது மொத்தமே 15 நிமிடம்.

அவன் பயிற்சிக்கு ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. உருவத்தில் சின்னவன் என்பதற்காகவும் நான் ஒதுக்கவில்லை. அந்த வயதில் உயரத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது எனக்குப் பிடிக்காது. காரணம் ஒன்றே ஒன்று. அவன் ஆடும் இடம் ரைட் பேக், நம் கோலுக்கு முன்னால் வலது பக்கத்தைக் காக்க வேண்டியவன். ஆனால் பந்து எங்கே போகிறதோ, அவனும் அங்கே ஓடிவிடுகிறான். மூன்று வாரம் முன்னால் நடந்த மேட்ச் ஞாபகம் இருக்கும். பந்து இடது ஓரத்தில் இருந்தது. கவினும் அங்கேயே போய் நின்றான். எதிரணிப் பையன் ஒருவன் நம் வலது பக்கம் தனியாக நின்றான். நீளமாக ஒரு பாஸ், அவ்வளவுதான், கோல். கோல் விழுந்ததற்காக நான் யாரையும் உட்கார வைப்பதில்லை. அதற்கப்புறமும் இரண்டு முறை அதே மாதிரி போனான். பக்கத்தில் ஆடிய பையன் இரண்டு பேர் வேலையைப் பார்த்து, கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனையும் நான் பார்க்க வேண்டும்.

என் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. இன்று ஆட வாய்ப்பில்லை என்று கவினிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது பாதி முழுக்க ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக அவன் காத்திருந்ததைப் பார்த்தேன். எனக்கே கஷ்டமாக இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று நீங்கள் "மேல போடா" என்று சத்தம் கொடுக்கிறீர்கள், நான் "அங்கேயே நில்லு" என்கிறேன். அவன் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை யார் பேச்சைக் கேட்பான்? கை தட்டுங்கள், பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள். எங்கே ஓட வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

செவ்வாய், வியாழன் பயிற்சி முடிந்து 15 நிமிடம் தன் இடத்தை விட்டு ஓடாமல் ஆடப் பழக்குவதற்கென்றே அவனோடு தனியாக நிற்கப் போகிறேன். அடுத்த மேட்சில் இரண்டாவது பாதியின் முதல் 20 நிமிடம் அவன் ஆடுவான், ஸ்கோர் எப்படி இருந்தாலும் சரி. முழு மேட்ச் இப்போதே தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவன் இடது காலால் கொடுக்கும் பாஸ் இந்த அணியில் வேறு யாருக்கும் வராது. அந்தப் பையனை நான் இழக்கத் தயாராக இல்லை.

நேரில் பேச வேண்டுமென்றால் வியாழக்கிழமை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். கவினும் கூட இருக்கட்டும்.

அன்புடன்,
13 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியின் பயிற்சியாளர்