முருகேசனுக்கு

மதுரை,
20.07.2025

அன்புள்ள முருகேசனுக்கு,

எட்டரை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ‘என்னங்க’ என்றே பழகிவிட்டேன். தனியாக வந்த பிறகும் போனில் ‘நான்தான்’ என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். கடிதத்தை அப்படி ஆரம்பிக்க வரவில்லை. அதனால்தான் பெயரையே எழுதிவிட்டேன்.

போன மாதம் நீங்களே கூப்பிட்டு, ஆவணியில் முகூர்த்தம் வைத்திருக்கிறோம், அடுத்தவர் வாயால் உனக்குத் தெரியக்கூடாது என்று சொன்னீர்கள். ‘நல்லா இருங்க’ என்றேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. வருத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, போனில் சொல்லி முடிகிற விஷயமாகவும் தெரியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பா. 2016 பொங்கல் முடிந்த கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணன் தம்பி இல்லாத வீடு. ராத்திரித் துணைக்கு ஆண் ஆள் யார் இருக்கிறார்கள் என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். பத்தொன்பது ராத்திரி. காலையில் அங்கிருந்து நேராகப் பழங்காநத்தம் கடைக்குப் போய் மோட்டார் காயில் கட்டுவீர்கள், சாயங்காலம் திரும்ப வருவீர்கள். அந்த நாட்களில் உங்கள் சட்டையில் வார்னிஷ் வாசனையும் டெட்டால் வாசனையும் சேர்ந்தே இருக்கும்.

ஒருநாள் காலை இட்லி எடுத்துக்கொண்டு வந்தபோது, நீங்கள் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தீர்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, மெதுவாக, ஒரு தடவைக்கு ஒரு இழுப்பு. நடுநடுவே ஈரத் துண்டால் துடைத்தீர்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் கதவோரமே நின்றுவிட்டேன். முடித்ததும் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, ‘மாமா, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க’ என்றீர்கள். அவர் சிரிக்கப் பார்த்தார். அவர் கடைசியாகச் சிரித்ததை நான் பார்த்தது அதுதான். அதற்கு உங்களுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. கட்டின புருஷன், செய்யத்தானே செய்வான் என்று அப்போது இருந்துவிட்டேன். எல்லாப் புருஷனும் செய்வதில்லை என்பது, பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லுகிற கதைகளைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் பி.எட். அது இரண்டு வருடப் படிப்பாக மாறியிருந்த நேரம். ‘ஒரு வருஷம்னா பரவாயில்ல, இப்ப ரெண்டு வருஷமாக்கிட்டாங்களே’ என்று நான் தயங்கியபோது, ‘ரெண்டு வருஷம் எப்படியும் போகத்தானே போகுது, படிச்சுக்கிட்டே போகட்டும்’ என்றீர்கள். நாலு மணிக்கு எழுந்து நான் படிக்க, நீங்களும் எழுந்து டீ போட்டீர்கள். கைடை வாங்கிக் கேள்வி கேட்பீர்கள். பியாஜேவைப் ‘பியாகெட்’ என்றே படிப்பீர்கள். நானும் திருத்தவில்லை, கேட்க அவ்வளவு பிரியமாக இருக்கும். குழந்தையின் அறிவு வளர்ச்சி நாலு நிலை என்று அவர் சொன்னதை இன்றைக்கும் யாராவது கேட்டால் உங்கள் குரலில்தான் எனக்கு வரிசை வருகிறது. நான் பரீட்சைக்குப் போன நாட்களில் சோறு வடித்து டப்பாவில் கட்டிக் கொடுத்தீர்கள். ஜெய்ஹிந்த்புரம் தெருவில் அதைப் பேச்சாக்கியவர்களும் உண்டு. உங்கள் காதில் விழுந்தும் விழாதது மாதிரி இருந்தீர்கள். இன்றைக்கு நான் என் சம்பளத்தில் வாடகை கொடுத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறேன் என்றால் அந்த நாலு மணி டீதான் அதற்கு ஆரம்பம்.

நகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காக அடகு வைத்த அந்த நாலு பவுன் சங்கிலியை நான் மறந்தே போயிருந்தேன். கொரோனாவில் கடை மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, வட்டி ஏறியிருக்கும். அதை மீட்டு, மற்ற நகைகளோடு சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிராம் என்று உங்கள் கையெழுத்தில் பட்டியல் போட்டு, வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்தத் துண்டுச் சீட்டை அம்மா இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

கோர்ட்டில் நம்மைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பரஸ்பர சம்மதம்தான் என்றாலும் மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றபோது, ‘அதுக்குள்ள மனசு மாறினா சந்தோஷம்’ என்று வக்கீலம்மா சொன்னார். நம் இரண்டு பேருக்கும் மாறவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் பேசாமல் எவ்வளவு தூரம் போயிருந்தோம் என்பது நமக்குத்தான் தெரியும். யார் மேலும் தப்பில்லை என்று ஒப்புக்குச் சொல்கிறார்கள் இல்லையா, நம் விஷயத்தில் அது நிஜம். 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்த அன்று வெளியே வந்து, பருத்திப்பால் குடிக்கிறியா என்று கேட்டீர்கள். குடித்தோம். கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. என்னை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நகரும் வரை நின்றீர்கள்.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரியாத ஒன்று இருந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அத்தை போன் செய்தார்கள். ‘ஒரு வார்த்தை கேக்கணும்மா, தப்பா நினைக்காத’ என்று ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்குக் குறை இருக்காமே என்று பெண் வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று கேட்டேன். ‘அவன்தான் சொன்னான். உன் நாத்தனார் பிள்ளை காதுகுத்துல சொந்தக்காரங்க உன்னை ஏதோ கேக்க வாயெடுத்தப்ப, குறை எனக்குத்தான், அவளை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு எல்லாரும் கேக்கச் சொன்னான்’ என்றார்கள்.

நான் அப்போது சமையல்கட்டில் இருந்திருக்கிறேன். பத்து வருடமாக எனக்குத் தெரியாது.

ரிப்போர்ட்டை டாக்டரம்மா விளக்கிச் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அடைப்பு என் கருக்குழாயில் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அங்கிருந்து திரும்பும்போது தெப்பக்குளத்துப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம், நினைவிருக்கிறதா? நீங்கள் ஒன்றுமே பேசவில்லை. கோபமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் காதுகுத்துக்குப் பிறகு எந்த விசேஷத்திலும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வளைகாப்பில்கூட என்னை ஒதுக்காமல் வளையல் போடச் சொன்னார்கள். சனங்கள் மாறிவிட்டார்கள் என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். எல்லாரும் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு ஆண் அப்படிச் சொல்லிவிட்டு அதே சொந்தங்களுக்கு நடுவில் நடமாடுவது நம்ம ஊரில் லேசான காரியமா? நமக்குள் பேச்சே நின்றுபோன நாட்களிலும் நீங்கள் அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

அத்தையிடம் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணிடமும் அவர்கள் வீட்டிலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். என் பெயர் கெடும் என்று பார்க்க வேண்டாம். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது, பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று சுற்றி வருகிறார்கள். இந்தப் பேச்சைத் தாங்க எனக்குத் தெம்பு இருக்கிறது. எனக்காக நீங்கள் சுமந்தது போதும். உங்களால் சொல்ல முடியாவிட்டால், ரிப்போர்ட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பெண் கேட்டால் நானே பேசுகிறேன். அந்த ஒரு பேச்சுக்காக மட்டும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

மற்றபடி இனிமேல் நான் கூப்பிட மாட்டேன். மோட்டார் ஓடவில்லை, இன்வெர்ட்டர் சத்தம் போடுகிறது என்று எதற்கெடுத்தாலும் உங்களுக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தேன். நீங்களும் ‘கெப்பாசிட்டரா இருக்கும், ஸ்விட்சை ஆஃப் பண்ணு, வர்றேன்’ என்று வந்துகொண்டிருந்தீர்கள். பிரிந்து நாலரை வருடம் ஆகியும் அப்படி ஓடியது. வரப்போகிறவளுக்கு அது நியாயம் இல்லை. விளாங்குடியிலேயே ஒரு மெக்கானிக் கிடைத்துவிட்டார், கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு பேசுவதையும் நிறுத்திக்கொள்கிறேன். அதுதான் எனக்குக் கஷ்டம். புது மருமகள் வந்த வீட்டில் பழைய மருமகள் போன் வந்துகொண்டிருந்தால் நன்றாக இருக்காது. கோபத்தில் நிறுத்திவிட்டாள் என்று அவர்கள் நினைத்துவிடாமல் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்த மாவடு ஜாடியில் இன்னும் பாதி இருக்கிறது.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. கூப்பிடாமல் விட்டுவிட்டோமே என்று உங்களுக்கு உறுத்தல் வேண்டாம். சித்திரையில் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் நிற்கும்போது எப்படியும் ஒருநாள் எதிரே வருவீர்கள், இது மதுரைதானே. அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். அவளையும் அழைத்து வந்து பேசுங்கள், நானும் பேசுகிறேன்.

ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்தாயிற்று, உங்களுக்கும் மெசேஜ் வந்திருக்கும். என் இன்சூரன்ஸ் பாலிசியில் வாரிசாக உங்கள் பெயர்தான் இருந்தது, அம்மா பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைப் பையனிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு கவர் கொடுத்திருக்கிறேன். ஜெய்ஹிந்த்புரம் வீட்டுச் சாவி என் கொத்திலேயே கிடந்தது, கழற்றி வைத்திருக்கிறேன். போன தடவை மோட்டார் பார்க்க வந்தபோது விட்டுப்போன மஞ்சள் பிடி டெஸ்டரும் உள்ளே இருக்கிறது. அதில் லைட் சரியாக எரியவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கரண்டில் வேலை செய்கிறவர், கவனமாக இருங்கள்.

நன்றியுடன்,
ஜெயந்தி