சுதந்திர தினக் கொடியேற்றம்: சனிக்கிழமை காலை 7 மணிக்கு நம் பூங்காவில்

நகர்வாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

நாட்டின் 80-வது சுதந்திர தினம் வரும் ஆகஸ்ட் 15, 2026, சனிக்கிழமை வருகிறது. நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் இரண்டாவது தெருப் பூங்காவில் காலை சரியாக 7 மணிக்குக் கொடி ஏற்றுகிறோம். 6.45-க்கெல்லாம் எல்லோரும் கொடிக்கம்பத்தருகே கூடிவிட வேண்டும். கொடி ஏறியதும் கச்சாயம், தட்டைப்பயறுச் சுண்டல். குழந்தைகளுக்குக் கூடுதலாக ஆரஞ்சு மிட்டாய்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று சிலர் கேட்டார்கள். போன வருடம் 8.30 என்று வைத்தோம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் இருக்கிறது என்று பிள்ளைகளில் பாதிப்பேர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். கம்பெனியில் கொடியேற்றுகிறவர்களும் போய்விட்டார்கள். பெரியவர்கள் முப்பது பேர்தான் நின்றோம். 7 மணி என்றால் எல்லோரும் நம் கொடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு நிதானமாக அவரவர் இடத்துக்குப் போகலாம். நாட்டுப்பண் பாடி முடிக்க 52 விநாடிதான் ஆகும். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அது முடிந்திருக்கும், திரும்பப் பாட மாட்டோம். தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள்.

இந்த வருடம் கொடியேற்றப் போவது நம் தெருக்களைச் சுத்தம் செய்யும் தூய்மைக் காவலர் அம்மா. அதற்கான காரணத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன ஆகஸ்ட் 16 காலை ஏழு மணி இருக்கும். வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. "இதய எப்பிடிங்க குப்பை வண்டில போடறது? அதான் தனியா எடுத்து வெச்சேனுங்க" என்று பையை நீட்டினார். உள்ளே முந்தின நாள் நாம் குழந்தைகளுக்குக் கொடுத்த காகிதக் கொடிகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று இருந்தன. சாக்கடை ஓரத்திலும் பூங்கா வேலிக்கடியிலும் கிடந்தவை. சேறு பட்டதைத் துணியால் ஒற்றி, மடங்கியதை நீவி, குச்சியெல்லாம் ஒரே பக்கமாக வருகிற மாதிரி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. இருந்தும் சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தபோது பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் பொறுக்கியிருக்கிறார். கொடியைக் கீழே போடக் கூடாது என்று காலையில் ஒலிபெருக்கியில் பேசியது நான்தான். அதைச் செய்து காட்டியது அவர். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

ஜூலை மாதச் செயற்குழுவில் இதைச் சொன்னபோது, ஒருவர்கூட மறுக்காமல் இந்த முறை கொடியேற்ற அவரையே அழைப்பது என்று முடிவானது. அவரிடம் போய்க் கேட்டதும் முதலில் "நானெதுக்குங்க, பெரியவங்க யாராச்சும் ஏத்தட்டும்" என்றார். அப்புறம் மகளையும் கூட்டி வரலாமா என்று கேட்டார். ஊராட்சிச் செயலரிடமும் பேசிவிட்டோம். அவரும் மகிழ்ச்சியோடு சரி என்றார்.

இனி கொடி விஷயம். போன வருடம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கொடியை மடித்து, பூவை வைத்து, உச்சியில் கட்டிவிட்டோம். ஆடிக் காற்றில் முடிச்சு இறுகிவிட்டது. கயிற்றை இழுக்க இழுக்க அவிழவே இல்லை. குழந்தைகள் மடித்த பொட்டலத்தைப் பார்த்தபடியே நாட்டுப்பண் பாடி முடித்தார்கள். கொடி விரிய அதற்குப் பிறகும் நாலு நிமிடம் ஆனது. யார் மீதும் குறை சொல்வதற்கில்லை, ஒத்திகை பார்க்காதது சங்கத்தின் தவறு.

உச்சியில் கட்டி விரிப்பது ஜனவரி 26-ன் வழக்கம். ஆகஸ்ட் 15-க்குக் கொடியைக் கம்பத்தின் அடியில் கட்டி மேலே ஏற்ற வேண்டும். 1947-ல் அந்நியக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதற்கு அடையாளம் அது. குடியரசு தினத்தன்று கொடி ஏற்கெனவே மேலே இருக்கிறது, அதனால் விரித்தால் போதும். நாமும் இந்த முறை அடியிலிருந்துதான் ஏற்றப் போகிறோம். முடிச்சு அவிழுமோ என்ற கவலையே வேண்டாம். பூக்களைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடுவோம், கொடி உச்சியைத் தொட்டதும் கம்பத்தடியில் தூவட்டும். துருப்பிடித்த கப்பியை மாற்றிவிட்டோம், கயிறும் புதிது. ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை மாலை 5.30-க்கு ஒத்திகை. ஒத்திகைக்குக் கொடிக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டி ஏற்றிப் பார்ப்போம்.

பழைய கொடி மூன்று வருடம் உழைத்துவிட்டது. காற்றடிக்கிற பக்கத்து ஓரம் நூல் பிரிந்து, பச்சைப் பட்டை விரலளவு கிழிந்திருக்கிறது. கிழிந்த கொடியை ஏற்றக் கூடாது என்பது 2002-ல் வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பின் விதி. தைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் அன்போடு சொன்னார். ஆனால் புதிது வாங்குவதுதான் சரி என்று பட்டது. காதிக் கடையில் கைநூற்புப் பருத்தியில் 900-க்கு 600 மில்லிமீட்டர், அதாவது மூன்றடிக்கு இரண்டடிக் கொடி வாங்கியிருக்கிறோம். நீளமும் அகலமும் எப்போதும் 3-க்கு 2 என்றுதான் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு, விலையும் குறைவு. ஆனாலும் பஞ்சும் நூலும் சோறு போடுகிற ஊர் இது. இங்கே பருத்திக் கொடி பறப்பதுதான் பொருத்தம் என்று செயற்குழு நினைத்தது. மூன்றாவது தெருவில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கொடியை மடியில் வைத்து, ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்து, நடுவில் உள்ள சக்கரத்தின் 24 ஆரங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே "நல்லா இருக்குங்க" என்றார்.

பழைய கொடியையும் அந்த நாற்பத்தொரு காகிதக் கொடிகளையும் பொருளாளரும் நானும் தனியிடத்தில் மரியாதையோடு எரித்துவிடுவோம். விதித்தொகுப்பு சொல்லும் முறையும் அதுதான். உங்கள் வீட்டிலும் நைந்த கொடி இருந்தால் 14-ஆம் தேதிக்குள் என்னிடம் கொடுங்கள், சேர்த்துச் செய்துவிடலாம். குப்பையோடு மட்டும் போட வேண்டாம்.

குழந்தைகளுக்கு இந்த முறையும் காகிதக் கொடி உண்டு. கொடி இல்லாத சுதந்திர தினம் பிள்ளைகளுக்கு எப்படி ருசிக்கும்? ஆனால் பூங்கா வாசலில் ஒரு மூங்கில் கூடை இருக்கும். கொடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அந்தக் கூடையில் வைத்துவிட்டுப் போகட்டும். கூடைக்குப் பொறுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர். பிளாஸ்டிக் கொடியை வாங்கித் தர வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நிகழ்ச்சி அரை மணி நேரம்தான். தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கும். கொடி ஏறியதும் நாட்டுப்பண், ஒலிப்பதிவு போடப் போவதில்லை, நாமே பாடுகிறோம். அப்புறம் ஒரு மாணவி கொடிகாத்த குமரன் பற்றி மூன்று நிமிடம் பேசுவாள். 1932 ஜனவரி 10 அன்று நம் திருப்பூர் வீதியில் தடியடி பட்டு மண்டை உடைந்தும் கையிலிருந்த கொடியை விடாதவர். மறுநாள் உயிர் பிரிந்தபோது அவருக்கு வயது 27. ரயில் நிலையத்தருகே அவர் நினைவிடத்தைத் தினமும் கடந்துதான் நாம் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் அவர் கதையைத் தங்கள் வாயால் சொல்லிக் கேட்பது நமக்கும் நல்லது. வேறு உரைகள் இல்லை, பொன்னாடை, மாலை மரியாதையும் இல்லை.

கடைசித் தெரு வரிசை வீடுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களையும் நேரில் போய் அழைத்திருக்கிறோம். வந்தால் பின்னால் ஒதுங்கி நிற்க விடாமல் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் நமக்கும் ஒரே மாதிரி வாயில் வரும் பாட்டு நாட்டுப்பண்தான்.

கச்சாயத்தை இந்த முறை கடையில் வாங்கவில்லை. முதல் தெருப் பெண்கள் எட்டு பேர் 14-ஆம் தேதி மாலை சங்க அறையில் கூடிச் சுடுகிறார்கள். பச்சரிசி மாவு, நாட்டு வெல்லம், ஏலக்காய், கொஞ்சம் எள். முந்நூறு பேருக்குக் கணக்கு. வெல்லப்பாகு பதம் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும், மாலை 4 மணிக்கு வந்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகத்தான் சுண்டல். இரண்டையும் வாழை இலைத் துண்டில் தருவோம். வர முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் பங்கை இளைஞர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இதற்காகத் தனி வசூல் கிடையாது. கொடி 1,150 ரூபாய், கப்பியும் கயிறும் 540, பலகாரம், சுண்டல், மிட்டாய்ப் பொருட்கள் 4,800, ஒலிபெருக்கி வாடகை 1,200. ஆக மொத்தம் 7,690 ரூபாய் சங்க நிதியிலிருந்து செலவாகிறது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

காலை நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டாம். அன்று முற்பகல் 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கிராம சபை. நாலாவது தெருச் சாக்கடையும் பூங்காப் பக்கத்துத் தெருவிளக்கும் ஒன்றரை வருடமாகக் கிடப்பில் இருக்கின்றன. மனு தயாராக இருக்கிறது. நம் நகரிலிருந்து ஐம்பது பேராவது போய் உட்கார்ந்தால்தான் தீர்மானத்தில் ஏறும். கூட்ட வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறக்க வேண்டாம்.

வீடுகளிலும் கொடி ஏற்றுகிறவர்கள் காவி மேலே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கொடி தரையில் படக் கூடாது, அதற்கு மேலாகவோ சரிசமமாகவோ வேறு கொடி பறக்கக் கூடாது. 2022 திருத்தத்தின்படி இரவிலும் பறக்கவிடலாம்தான். ஆனால் பூங்காவில் விளக்கும் இல்லை, இந்தக் காற்றில் புதுக் கொடி ஒரே இரவில் கிழிந்துவிடும். அதனால் மாலை 6.15-க்கு இறக்குகிறோம். ஏற்றும்போது விரைவாக, இறக்கும்போது மெதுவாக என்பது முறை. அந்த நேரத்துக்கு யாரும் வருவதில்லை, போன வருடம் காவலாளியும் நானும் மட்டும்தான் நின்றோம். இந்த முறை பத்துப் பேராவது வாருங்கள். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரிய, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொண்டுபோய் வைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்