காரைக்குடிக் கண்டாங்கி வந்தாச்சு 🧵

"அக்கா, போன தடவை போட்ட அதே மஞ்சள் இருக்கா?" இன்பாக்ஸில் தினமும் இந்தக் கேள்விதான். இல்லைம்மா. நெசவாளர் சங்கத்தில் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றுகிற நீள நூலுக்கு, சாயம் போட்டால் அதில் சில சேலைகள்தான் இறங்கும். அடுத்த பாவில் மஞ்சள் கொஞ்சம் கூடும், இல்லை குறையும்.

காரைக்குடிப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நேராக வாங்குகிறோம். நூலைச் சங்கம் கொடுக்கும். நெசவாளர் வீட்டுத் தறியில் நெய்து, சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலி வாங்கிக்கொள்வார். ஒருவர் தறியில் உட்கார்ந்தாலும் பாவு ஓட்ட, கஞ்சி போட, ஊடைக்கு நூல் சுற்ற வீடே கை கொடுக்கும். விற்காத சேலைக்கும் கூலி உண்டு. விற்கிற பாரம் சங்கத்துடையது. அதனால்தான் என்னிடம் பேரம் கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த பருத்தி, கட்டம் அல்லது கோடு, எட்டத்திலிருந்தே தெரிகிற அகலக் கரை. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கிகளுக்குச் செட்டியார்கள் பெரும்பாலும் தனியாகத்தான் கப்பலேறி வந்தார்கள். ஊரில் இருந்த ஆச்சிமார் உடுத்திய சேலை இது. இங்கே வந்து சேரத் தாமதமானதில் ஆச்சரியமில்லை!

💰 விலை (சிங்கப்பூர் வெள்ளி)
சின்னக் கரை, கட்டம்: 72
அகலக் கரை: 88
அகலக் கரை, ரவிக்கைத் துணியோடு: 98
மிச்சப் பாவில் நெய்த துண்டு: 14 (இதுதான் முதலில் தீரும்)

🧺 துவைக்கிற முறை
முதல் அலசல் தனியாக, பச்சைத் தண்ணீரில். அரக்கும் கறுப்பும் இரண்டு மூன்று தடவை சாயம் விடும், பயப்பட வேண்டாம், வெள்ளைத் துணியோடு மட்டும் சேர்க்காதீர்கள். மெஷின் வேண்டாம், ஊறவும் போடாதீர்கள். லேசான சோப்புத்தூளில் கையால் அலசி, முறுக்காமல் பிழியுங்கள். வீட்டு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போடுவதென்றால் உள்பக்கம் வெளியே தெரியும்படி, வெயில் நேராக விழாத நேரத்தில் போடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் எளிதில் போகும்.

கஞ்சி போட்ட சேலையை மட்டும் அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வரும், கஞ்சி வாசத்துக்குப் பூச்சி வரும். கட்டப் போகிற வாரத்தில் கஞ்சி போட்டால் போதும். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றிக் காற்றாட வையுங்கள்.

நூல் அங்கங்கே தடித்திருப்பது குறையல்ல. கிழிசலோ கறையோ இருந்தால் ஏழு நாளைக்குள் மாற்றித் தருவேன். கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்த முறை 22 சேலைகள்தான். கருத்தில் நிறத்தை எழுதிவிட்டு மெசேஜ் அனுப்புங்கள். பேநவ் வந்ததும் எடுத்து வைப்பேன். தபால் 5 வெள்ளி. ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை ஃபேரர் பார்க் எம்ஆர்டி அருகே நேரிலும் வாங்கலாம், துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். தீபாவளிக்குக் குறிப்பிட்ட நிறம் வேண்டுமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள், சாயம் போட்டுத்தான் பாவு ஏற்ற வேண்டும்.

#கண்டாங்கி #கைத்தறி #காரைக்குடி #சிங்கப்பூர்த்தமிழ்